x-இன் அடுக்குகளைத் தொகையிடுதல்: குறை அடுக்கு, பின்ன அடுக்கு, இடையில் நிற்கும் 1/x

தொகையிடலில் முதலில் கற்கும் விதி ஒரே வரிதான்.

∫ xⁿ dx = xⁿ⁺¹ / (n + 1) + C,  n ≠ −1

அடுக்கில் ஒன்றைக் கூட்டு, புதிய அடுக்கால் வகு. x², x³ என்று இருக்கும்வரை இதில் யாரும் தடுமாறுவதில்லை. n குறை எண்ணாகவோ பின்னமாகவோ மாறியதும்தான் விடைத்தாளில் சிவப்பு மை ஏறத் தொடங்குகிறது. விதியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் n ≠ −1 என்ற குறிப்பையோ பெரும்பாலோர் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படிக் கடந்தவன்தான். −1 வந்தால் ln x என்று மனப்பாடம் செய்து பல ஆண்டுகள் தேர்வு எழுதினேன். அடுக்குகளின் வரிசையில் மடக்கை எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இந்தக் கட்டுரை முதலில் கணக்குப் போடும் முறையைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கேள்விக்குப் போகும்.

விதி எங்கிருந்து வருகிறது

வகையிடும்போது இரண்டு வேலை செய்கிறோம். அடுக்கைக் கீழே இறக்கிப் பெருக்குகிறோம்; பிறகு அடுக்கில் ஒன்றைக் குறைக்கிறோம். தொகையிடல் இதே வழியில் திரும்பி வருவது. கடைசியாகப் போட்ட முடிச்சைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். ஆகவே முதலில் ஒன்றைக் கூட்டுகிறோம், அதன் பிறகே வகுக்கிறோம். வகுப்பது புதிய அடுக்கால். இந்த வரிசை மாறினால், அதாவது பழைய அடுக்கால் வகுத்துவிட்டு ஒன்றைக் கூட்டினால், விடை தவறாகிவிடும். x³-க்கு x⁴/3 என்று எழுதுபவர் செய்வது இதைத்தான்.

இந்த விளக்கத்தில் n முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வகையிடல் விதி எல்லா மெய்யெண் அடுக்குகளுக்கும் செல்லும். எனவே திரும்பி வரும் வழியும் செல்லும். வகுக்கும் எண்ணான n + 1 பூச்சியம் ஆகும் ஓர் இடத்தில் மட்டும் வழி அடைபடுகிறது.

முதல் வேலை: x-இன் அடுக்காக எழுதுவது

கேள்வித்தாளில் x^(−3/2) என்று யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. 1/(x√x) என்று தருவார்கள். விதியைத் தொடும் முன் எல்லாவற்றையும் xⁿ வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கின் பாதி இங்கேயே முடிந்துவிடும். தவறுகளின் பாதியும் இங்கேதான் நடக்கும்.

இதற்குத் தேவையானவை மூன்று பழக்கங்கள். பகுதியில் இருக்கும் அடுக்கு மேலே வரும்போது அதன் குறி மாறும்: 1/x³ என்பது x⁻³. மூலக்குறி பின்ன அடுக்காகும்: √x என்பது x^(1/2), x²-இன் கனமூலம் x^(2/3). பெருக்கினால் அடுக்குகள் கூடும்: x√x என்பது x^(1 + 1/2) = x^(3/2). எனவே 1/(x√x) என்பது x^(−3/2).

எண் கெழுவில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1/(2x³) என்பதை 2x⁻³ என்று எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறும்போது குறி மாறுவது x-இன் அடுக்குக்குத்தான்; 2 பகுதியில் இருந்த எண், அது பகுதியிலேயே இருக்கும். சரியான வடிவம் (1/2)x⁻³. கெழுவை முதலிலேயே தொகைக் குறிக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

குறை அடுக்கு: கூட்டினால் எங்கே போகும்?

∫ x⁻³ dx என்பதை எடுத்துக்கொள்வோம். −3 உடன் 1 கூட்டினால் −2. எண்கோட்டில் வலப்பக்கம் ஓர் அடி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் குறைக் குறியைப் பார்த்ததும் கை பழக்கத்தில் −4 என்று எழுதிவிடுகிறது. 3-ஐ 4 ஆக்கி, முன்னால் குறியைப் போட்டுவிடுகிறோம். சரியான விடை:

∫ x⁻³ dx = x⁻² / (−2) + C = −1/(2x²) + C

விடையில் எங்கிருந்து ஒரு குறைக் குறி வந்தது என்று சிலர் மிரள்வார்கள். x மிகை எண்ணாக இருந்தால் 1/x³ மிகை மதிப்புதானே, அதன் தொகை எப்படிக் குறை எண்ணாகும்? இந்தக் கேள்வி நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். இப்போதைக்கு ஒரு சோதனையைச் சொல்லிவைக்கிறேன். தொகையிட வேண்டிய சார்பு மிகையாக இருக்கும் இடத்தில், விடையாக வரும் சார்பு ஏறுமுகமாக இருக்க வேண்டும். −1/(2x²) என்ன செய்கிறது? x = 1 எனும்போது −0.5. x = 2 எனும்போது −0.125. குறை எண்தான், ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது. சரி. குறைக் குறியை மறந்து 1/(2x²) என்று எழுதியிருந்தால் அது 0.5-இலிருந்து 0.125-க்கு இறங்கியிருக்கும், தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டு எண்களைப் போட்டுப் பார்க்கப் பத்து விநாடி போதும்.

பின்ன அடுக்கு: வகுப்பது எதனால்?

∫ √x dx = ∫ x^(1/2) dx. ஒன்றைக் கூட்டினால் 3/2. இனி 3/2-ஆல் வகுக்க வேண்டும். பின்னத்தால் வகுப்பது அதன் தலைகீழால் பெருக்குவதற்குச் சமம். எனவே 2/3 வருகிறது.

∫ √x dx = (2/3) x^(3/2) + C

x^(3/2)-இன் கீழே 3/2 என்று இரட்டை மாடிப் பின்னமாக எழுதுவதைத் தவிருங்கள். அப்படி எழுதினால் அடுத்த வரியில் 2 மேலா 3 மேலா என்று கண் தடுமாறும். அடுக்கு 3/2, கெழு 2/3. ஒன்று மற்றொன்றின் தலைகீழ். எந்தப் பின்ன அடுக்குக்கும் இந்த இணை அமையும். x^(2/3)-இன் தொகை (3/5)x^(5/3).

குறையும் பின்னமும் சேர்ந்து வரும்போதும் புதிதாக ஒன்றும் இல்லை. 1/√x என்பது x^(−1/2). ஒன்றைக் கூட்டினால் 1/2. அதன் தலைகீழ் 2. ஆகவே தொகை 2√x + C. மேலே சொன்ன x^(−3/2)-க்கு, ஒன்றைக் கூட்டினால் −1/2, தலைகீழ் −2, ஆகவே −2/√x + C. முந்தையதில் மிகைக் குறி, பிந்தையதில் குறைக் குறி. இவ்விரண்டு அடுக்குகளுக்கும் நடுவில், சரியாகப் பாதித் தூரத்தில், −1 நிற்கிறது. எல்லைக்கோடு அதுதான்.

செவ்வகத்தில் எத்தனை பங்கு

இனி அந்த −1 பக்கம் போவோம். அதற்கு n + 1 என்ற எண்ணுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் தேவை.

y = xⁿ என்ற வளைவரையின் கீழே, 0 முதல் a வரை உள்ள பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அது aⁿ⁺¹/(n + 1). இதை a × aⁿ × 1/(n + 1) என்று பிரித்து எழுதலாம். a × aⁿ என்பது அகலம் a, உயரம் aⁿ கொண்ட செவ்வகத்தின் பரப்பு. அந்தச் செவ்வகத்தின் மேல் வலது மூலை வளைவரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆக 1/(n + 1) என்பது, வளைவரையின் கீழ் உள்ள பரப்பு அந்தச் செவ்வகத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது.

n = 2 என்றால் மூன்றில் ஒரு பங்கு. n = 1 என்றால் பாதி; அது முக்கோணம், சிறு வயதிலேயே தெரிந்தது. n = 1/2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு: √x-க்கு 0 முதல் 4 வரை செவ்வகம் 4 × 2 = 8, பரப்பு 16/3. n = 0 என்றால் முழுச் செவ்வகம். அடுக்கு குறையக் குறைய வளைவரை செவ்வகத்தை மேலும் மேலும் நிரப்புகிறது.

பூச்சியத்துக்குக் கீழே போனால் வளைவரை செவ்வகத்துக்கு வெளியே வழிகிறது. x^(−1/2) இடப்பக்கம் y அச்சை ஒட்டி வானுயரம் எழும்புகிறது. ஆனாலும் பரப்பு முடிவுள்ளதே: செவ்வகத்தைப் போல் இரண்டு மடங்கு. உயரத்துக்கு முடிவில்லை, பரப்புக்கு முடிவு உண்டு என்பது முதல்முறை கேட்பவருக்கு நெருடும். மேலே போகப் போக அந்தத் தூண் அவ்வளவு வேகமாக மெலிகிறது என்பதுதான் காரணம். n = −0.9 என்றால் பத்து மடங்கு. n = −0.99 என்றால் நூறு மடங்கு. n = −1-ஐ நெருங்க நெருங்க இந்த மடங்கு எல்லையில்லாமல் பெருகுகிறது. −1-இல் தூண் மெலிந்தாலும் போதிய வேகத்தில் மெலிவதில்லை. 0-இலிருந்து அளந்தால் பரப்பு முடிவிலி ஆகிவிடுகிறது. விதியில் பகுதி பூச்சியம் ஆவது இந்த உண்மையின் நிழல்தான்.

−1-ஐத் தாண்டி −2, −3 என்று போனால்? 0-இலிருந்து அளக்கவே முடியாது. ஆனால் மறுமுனை திறந்துகொள்கிறது. 1/x³-இன் வால் வலப்பக்கம் மிக வேகமாகத் தணிகிறது. x-இலிருந்து முடிவிலி வரை உள்ள பரப்பு 1/(2x²). மேலே விட்டுவைத்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. −1/(2x²) என்ற விடையில் உள்ள குறைக் குறி, 'எனக்கு வலப்பக்கம் இன்னும் இவ்வளவு பரப்பு பாக்கி' என்று சொல்கிறது. x நகர நகர பாக்கி குறைகிறது. எனவே சார்பு பூச்சியத்தை நோக்கி ஏறுகிறது.

அதாவது, C-ஐ ஒதுக்கிவைத்துப் பார்த்தால், xⁿ⁺¹/(n + 1) என்ற வாய்பாடு யாரிடமும் கேட்காமலேயே ஒரு தொடக்கப் புள்ளியைத் தேர்ந்துகொள்கிறது. n ஆனது −1-ஐ விடப் பெரியதாக இருந்தால் 0-இலிருந்து அளக்கிறது. சிறியதாக இருந்தால் முடிவிலியிலிருந்து பின்னோக்கி அளக்கிறது. n = −1 எனும்போது இரண்டு முனைகளிலும் பரப்பு முடிவில்லாதது. வாய்பாட்டுக்கு நிற்க இடமில்லை. வளைவரையில் கோளாறு ஏதுமில்லை. 1/x-க்குக் கீழே 1 முதல் 2 வரை ஒரு பரப்பு இருக்கத்தான் செய்கிறது. கோளாறு அளக்கத் தொடங்கும் இடத்தில்.

1-இலிருந்து அளந்தால்

அப்படியானால் இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு, x = 1-இலிருந்து அளப்போம். 1 முதல் x வரை xⁿ-இன் பரப்பு:

(xⁿ⁺¹ − 1) / (n + 1)

இது பழைய விடைதான். C-க்கு −1/(n + 1) என்ற மதிப்பைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இப்போது n = −1-ஐ நெருங்கினால் மேலே உள்ளதும் பூச்சியத்தை நெருங்குகிறது, கீழே உள்ளதும் பூச்சியத்தை நெருங்குகிறது. x = 2 என்று வைத்துக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.

```
n = −0.9      0.7177
n = −0.99     0.6956
n = −0.999    0.6934
n = −1.001    0.6929
n = −1.01     0.6908
n = −1.1      0.6697
```

மேலிருந்தும் கீழிருந்தும் எண்கள் ஒரே இடத்துக்கு வருகின்றன: 0.6931. அது ln 2. x-க்கு வேறு எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும் இப்படியே ln x-இல் போய் நிற்கும். மடக்கை எங்கிருந்தோ வந்து புகுந்த அந்நியன் இல்லை. அடுக்குகளின் வரிசையில் −1 என்ற இருக்கைக்கு உரியவன்.

அது ஏன் மடக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நேரடியான காரணமும் உண்டு. x அச்சில் 1, r, r², r³ என்று பெருக்குத்தொடராகப் புள்ளிகளை வையுங்கள். r ஒன்றைவிடச் சற்றே பெரியது. ஒவ்வொரு துண்டின் மேலும், இடது முனையில் வளைவரையைத் தொடும்படி ஒரு செவ்வகம் எழுப்புங்கள். முதல் செவ்வகத்தின் அகலம் r − 1, உயரம் 1. இரண்டாவதன் அகலம் r² − r, அதாவது r(r − 1), உயரம் 1/r. பெருக்கினால் மறுபடியும் r − 1. மூன்றாவதும் அதேதான். அகலம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, உயரம் அத்தனை மடங்கு குறைகிறது. எல்லாச் செவ்வகங்களும் ஒரே பரப்பு.

x பெருக்கலில் வளரும்போது பரப்பு கூட்டலில் வளர்கிறது. 1 முதல் 2 வரை உள்ள பரப்பும், 2 முதல் 4 வரை உள்ளதும், 4 முதல் 8 வரை உள்ளதும் ஒன்றே. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் சார்புக்குப் பெயர்தான் மடக்கை. இந்தப் பண்பு, பெல்ஜியத்தைச் சேர்ந்த கிரெகோயர் த சான்-வின்சென்ட் 1647-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. இது மடக்கையின் பண்புதான் என்று 1649-இல் எடுத்துச் சொன்னவர் அவருடைய மாணவர் சராசா. அதே நூற்றாண்டில் ஃபெர்மா, இதே பெருக்குத்தொடர்ப் புள்ளிகளைக் கொண்டு குறை அடுக்குகளுக்கும் பின்ன அடுக்குகளுக்கும் பரப்பு கண்டார். அவருடைய முறையும் −1-இல் மட்டும்தான் நின்றுபோனது.

பரப்பு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1/x-இன் கீழே 1 முதல் 10 லட்சம் வரை நடந்தாலும் சேரும் பரப்பு 13.82-க்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் அது எங்கும் நிற்பதில்லை.

மட்டுக் குறி எதற்கு

விடையை ln|x| + C என்று எழுதச் சொல்கிறார்கள். 1/x-க்குக் குறை எண்களிலும் மதிப்பு உண்டு. ln x-க்குக் கிடையாது. x குறை எண்ணாக இருந்தால் ln(−x) என்று எடுத்து வகையிட்டுப் பாருங்கள்: உள்ளே இருந்து ஒரு −1 வரும், பகுதியில் −x இருக்கும், இரண்டும் சேர்ந்து 1/x. ஆக இரு பக்கத்துக்கும் பொதுவாக ln|x|. x மிகை எண் என்று கேள்வியிலேயே இருந்தால், அல்லது உடன் √x இருந்தால், மட்டுக் குறி இல்லாமல் எழுதலாம்.

கெழு சேர்ந்து வரும்போது ஒரு சின்ன வேடிக்கை நடக்கும். ∫ 1/(2x) dx-க்கு ஒருவர் (1/2) ln|x| + C என்கிறார், பக்கத்தில் இருப்பவர் (1/2) ln|2x| + C என்கிறார். இருவரும் சண்டை போடத் தேவையில்லை. ln|2x| = ln 2 + ln|x|; அந்த (1/2) ln 2 ஒரு மாறிலி, C-க்குள் போய்விடும்.

ஆனால் இன்னொரு விடை நிச்சயமாகத் தவறு: 1/x²-இன் தொகை ln(x²) என்பது. '1-இன் கீழே எது இருந்தாலும் ln' என்று மனத்தில் பதிந்துவிட்டதால் வரும் பிழை இது. நான் பார்த்தவரை இந்தத் தலைப்பில் மிக அதிகமாக நடப்பதும் இதுவே. ln(x²)-ஐ வகையிட்டால் 2/x வருகிறது, 1/x² வருவதில்லை. அடுக்கு மிகச் சரியாக −1 ஆக இருந்தால் மட்டுமே மடக்கை. −2-க்கும் −1/2-க்கும் −1.001-க்கும் சாதாரண விதிதான்.

ஒரு கணக்கை முழுமையாகப் போடுவோம்

மூன்று வகையும் ஒன்றாக வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

∫ (√x + 3)² / x² dx,  x > 0

முதலில் தொகுதியை விரிக்க வேண்டும். (√x + 3)² = x + 6√x + 9. நடு உறுப்பான 6√x-ஐ விட்டுவிட்டு x + 9 என்று எழுதினால் மீதிக் கணக்கு அழகாகவே போகும், விடைதான் வேறாகிவிடும். பிறகு ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே x²-ஆல் வகுக்க வேண்டும். தொகுதியைத் தொகையிட்டு அதைப் பகுதியின் தொகையால் வகுக்கலாம் என்று ஒரு விதியும் கிடையாது.

x / x² = x⁻¹
6x^(1/2) / x² = 6x^(−3/2)
9 / x² = 9x⁻²

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அடுக்குகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்: −1, −3/2, −2. முதலாவது மடக்கைக்கு உரியது. மற்ற இரண்டும் −1-ஐ விடச் சிறியவை, ஆகவே அவற்றின் விடைகளில் குறைக் குறி வரும் என்று கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடலாம்.

x⁻¹-இன் தொகை ln x. 6x^(−3/2)-க்கு அடுக்கு −1/2 ஆகிறது, தலைகீழ் −2, ஆகவே 6 × (−2) x^(−1/2) = −12/√x. 9x⁻²-க்கு அடுக்கு −1 ஆகிறது, −1-ஆல் வகுத்தால் −9/x. இங்கே கவனியுங்கள்: தொகையிட்ட பிறகு கிடைத்த அடுக்கு −1. அதைப் பார்த்து அதன்மேல் மீண்டும் ln போடச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். மடக்கை வருவதற்குத் தொகையிடும் முன் அடுக்கு −1 ஆக இருக்க வேண்டும். பின்னால் வருவது கணக்கில்லை.

∫ (√x + 3)² / x² dx = ln x − 12/√x − 9/x + C

வகையிட்டுச் சரிபார்ப்போம். ln x-இலிருந்து 1/x. −12x^(−1/2)-இலிருந்து (−12)(−1/2)x^(−3/2) = 6x^(−3/2). −9x⁻¹-இலிருந்து 9x⁻². கேள்வியில் இருந்த மூன்று உறுப்புகளும் திரும்பி வந்துவிட்டன.

1 முதல் 4 வரை பரப்பு கேட்டால், x = 4-இல் மதிப்பு ln 4 − 6 − 2.25; x = 1-இல் 0 − 12 − 9 = −21. கழித்தால் 12.75 + ln 4, ஏறத்தாழ 14.14. இந்த எண் நம்பத் தகுந்ததா? சார்பு x = 1-இல் 16, x = 4-இல் 25/16, அதாவது 1.56, இடையில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அகலம் 3. பரப்பு 4.7-க்கும் 48-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். வளைவரை தொடக்கத்திலேயே சரசரவென்று இறங்குவதால் கீழ்ப்பக்கத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 14.14 பொருந்துகிறது. குறி ஏதாவது புரண்டிருந்தால் இங்கே குறை எண்ணோ வேறு பொருந்தாத எண்ணோ வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

பூச்சியத்தைக் கடக்கும்போது

விதி சரியாக இருந்தும் விடை பொய்யாகும் ஓர் இடம் உண்டு. −1 முதல் 1 வரை 1/x²-இன் பரப்பைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். தொகை −1/x. மேல் எல்லையில் −1, கீழ் எல்லையில் +1. கழித்தால் −2. 1/x² ஒருபோதும் குறை எண் ஆகாது; அதன் பரப்பு −2 என்று வந்து நிற்கிறது. கணக்கில் எந்த வரியிலும் பிழை இல்லை. பிழை, எல்லைகளுக்கு நடுவில் 0 இருப்பதைப் பார்க்காமல் விட்டதில். அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை, இரு பக்கமும் தூண் முடிவிலிக்குப் போகிறது. அங்கே பரப்பு முடிவில்லாதது.

எனவே குறை அடுக்கு இருந்தால், எல்லைகளைப் பிரதியிடும் முன் இடைவெளிக்குள் 0 வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 0 வந்தால் இடைவெளியை அங்கே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எல்லை மதிப்பாகத் தனித்தனியே கணக்கிட வேண்டும். அடுக்கு −1-ஐ விடப் பெரியதாக இருந்தால், உதாரணமாக x^(−1/3), இரண்டு துண்டுகளும் முடிவுள்ள எண்களாகவே வரும், கவலையில்லை. −1-இலும் அதற்குக் கீழேயும் வராது.

1/x-இல் இந்தப் பொறி இன்னும் நயமானது. −1 முதல் 1 வரை ln|x|-இல் பிரதியிட்டால் ln 1 − ln 1 = 0. இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன என்று தோன்றும். சமச்சீராக இருப்பதால் விடை சரி என்றும் படும். ஆனால் இரு பக்கமும் தனித்தனியே முடிவிலி. இடப்பக்கம் 0-க்கு 0.001 தூரத்திலும், வலப்பக்கம் 0.002 தூரத்திலும் நிறுத்திக் கூட்டிப் பாருங்கள்: ln 0.001 − ln 0.002 = −ln 2. அந்தத் தூரங்களை எவ்வளவு சுருக்கினாலும், ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டு மடங்காக இருக்கும்வரை, −ln 2 அப்படியே நிற்கும். தூரங்களின் விகிதத்தை மாற்றினால் வேறு எந்த எண்ணையும் வரவழைக்கலாம். அதனால்தான் அந்தப் பூச்சியத்தை விடையாக எழுத முடியாது. அந்தத் தொகைக்கு மதிப்பு இல்லை என்றே எழுத வேண்டும்.